ஹலால், ஹராம்: இரு சொற்களின் பொருள் என்ன?



சிங்கப்பெருமாள் கோவிலிலும் தாம்பரம் வரையுள்ள ஊர்களிலும் பெருஞ்சாலையை ஒட்டிய பிரியாணிக் கடைகளிலும் கோழிக் கடைகளிலும் 'ஹலால்' என்னும் சொல்லை நாம் காண்கிறோம். மளிகைக் கடையில் வாங்கும் சில பொட்டலங்களின் மேலும் அதே சொல் அரபு எழுத்தில் ஒரு சிறு வட்டத்துள் அச்சிடப்பட்டிருக்கிறது. "அது பிற சமயத்துக்குப் படைக்கப்பட்ட உணவல்லவா? கிறிஸ்தவர்கள் அதை உண்ணலாமா?" என்னும் ஐயம் நம் குடும்பங்கள் சிலவற்றில் எழுகிறது. கைப்பேசியில் வந்து சேரும் செய்திகள் அந்த ஐயத்தை அச்சமாகவே மாற்றிவிடுகின்றன. ஆகவே, இச்சொற்களின் பொருளை முதலில் அறிந்துகொள்வோம்.

'ஹலால்' என்றால் அனுமதிக்கப்பட்டது. 'ஹராம்' என்றால் தடுக்கப்பட்டது. 'ஹலால்' பிறந்த அரபு வேர்ச்சொல்லுக்கு 'முடிச்சை அவிழ்த்தல்' என்னும் பொருளும் உண்டு. இது நமக்குப் புதிதன்று. மண்ணுலகில் கட்டவும் அவிழ்க்கவும் ஆண்டவர் இராயப்பருக்கு அதிகாரம் அளித்ததை மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். யூத மறைநூல் அறிஞரின் வழக்கில் கட்டுதல் என்றால் ஒரு செயலைத் தடை செய்தல். அவிழ்த்தல் என்றால் அதனை அனுமதித்தல். அரபு மொழியும் எபிரேய மொழியும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இனி, கடையில் தொங்கும் கோழியைக் காண்போம். அது ஹலால் ஆவதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அறுக்கும் நேரத்தில் கோழி உயிரோடு இருக்க வேண்டும். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். அறுப்பவர் இறைவனின் பெயரைச் சொல்லி, மூச்சுக்குழல், உணவுக்குழல், கழுத்தின் இருபுறத்துப் பெரிய இரத்தக்குழாய்கள் ஆகியவற்றை அறுத்து, இரத்தம் வடியவிட வேண்டும். தானாகச் செத்ததும், வடிந்த இரத்தமும், பன்றி இறைச்சியும், இறைவன் அல்லாத பெயரால் அறுக்கப்பட்டதும் ஹராம். இங்கே இறைவனின் பெயரைச் சொல்வது அக்கோழியை எவருக்கும் படையலாக்குவதற்காக அன்று. உயிர் கொடுத்தவரின் அனுமதியின்றி ஓர் உயிரை எடுக்கலாகாது என்னும் எண்ணமே அதற்கு அடிப்படை.

இரத்தத்தை விலக்கும் கட்டளை லேவியர் நூலில் உண்டு. எருசலேமில் கூடிய திருத்தூதர்களும், புற இனத்திலிருந்து மனந்திரும்பியவர்கள் இரத்தத்தையும், கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டவற்றையும், சிலைகளுக்குப் படைத்தவற்றையும் விலக்கும்படி எழுதியனுப்பினார்கள். பின்னர் புனித சின்னப்பர், கடைத்தெருவில் விற்கும் இறைச்சியை மனச்சான்றின் பொருட்டுக் கேள்வி கேட்காமல் உண்ணலாம் என்று கொரிந்தியருக்குத் தெளிவுபடுத்தினார். இது படையல் உணவு என்று ஒருவர் சுட்டிக்காட்டினால் மட்டும், அவருடைய மனச்சான்றின் பொருட்டு அதை விலக்கச் சொன்னார். ஹலால் இறைச்சியோ படையல் அன்று. ஆகவே, அதை உண்பதில் கத்தோலிக்கருக்குத் தடை ஏதும் இல்லை.

ஆனால் நாம் அண்டை வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கு உணவு கொடுக்கும்போது சற்றுக் கவனம் தேவை. பொட்டலத்தின் மேலுள்ள பச்சைப் புள்ளியைப் பார்த்து, "இது சைவம்தானே" என்று பலர் கருதிவிடுகிறார்கள். பால், தேன் போன்றவை நீங்கலாக விலங்கிலிருந்து பெற்ற பொருள் எதுவும் இதில் இல்லை என்பதை மட்டுமே அப்புள்ளி கூறும். மதுவைப் பற்றி அது ஒன்றும் கூறாது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாம் செய்யும் கேக்கில் உலர்ந்த பழங்களை ரம்மிலோ ஒயினிலோ ஊறவைக்கும் வழக்கம் உண்டு. முட்டை சேர்க்காமல் செய்தாலும் அது அவர்களுக்கு ஹராமே. அடுப்பில் வெந்த பின்பும் அவர்கள் அதை விலக்குவார்கள். பழச்சாற்றில் ஊறவைத்துச் செய்தால் இச்சிக்கல் இல்லை. குழந்தைகளுக்கு வாங்கும் ஜெல்லி மிட்டாயில் சேர்க்கும் ஜெலட்டின், விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. எந்த விலங்கு என்பதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. இத்தகைய பொருள்களுக்கே ஹலால் முத்திரை உண்மையில் உதவுகிறது.

எனினும், இவ்விரு சொற்களும் சமையலறையோடு நின்றுவிடுவதில்லை. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் ஹராமை இருவகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, தன்னிலேயே ஹராமானது. பன்றி இறைச்சி இவ்வகை. மற்றொன்று, வேறொரு காரணத்தால் ஹராமாவது. முறைப்படி அறுத்த கோழியே ஆயினும், அது திருடிய கோழியாயின் திருடியவனுக்கு ஹராம். நல்ல கோழியை விற்பவர் தராசில் நூறு கிராம் குறைத்து நிறுத்தால், கோழி ஹலாலாகவே இருக்கும். அவர் கூடுதலாகப் பெற்ற காசு ஹராமாகிவிடும். வட்டி, கையூட்டு, வேலையாளுக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலி ஆகியனவும் அவ்வாறே. "ஹலாலான சம்பாத்தியம்" என்று தமிழ் முஸ்லிம்கள் சொல்வது இப்பொருளில்தான். எந்த முத்திரையும் இதைக் காட்டாது.

இந்த வேறுபாட்டை அறியாததால் வீண் பூசலும் உண்டாகிறது. 2023 நவம்பர் 18 அன்று உத்தரப் பிரதேச அரசு, ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருள்களை அம்மாநிலத்தில் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு அளித்தது. தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 2025 ஜனவரியில் அவ்வழக்கில் அரசுத் தரப்பு வழக்கறிஞர், சிமெண்டுக்கும் இரும்புக் கம்பிக்கும்கூட ஹலால் சான்று வழங்கப்படுகிறது என்று வியப்புடன் குறிப்பிட்டார். எதிர்த்தரப்பு அதை மறுத்தது. அவ்வழக்கின் நியாயத்தை நீதிமன்றம் ஆராயட்டும். ஆனால், தடுக்கப்படாத பொருள் யாவும் அனுமதிக்கப்பட்டதே என்பது இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படை விதி. அதன்படி சிமெண்டு இயல்பாகவே ஹலால்; அதற்கு முத்திரை தேவையில்லை. அதே சிமெண்டைக் கையூட்டுப் பணத்தில் வாங்கி வீடு கட்டினால், அந்தச் செயலே ஹராம்.

'ஹராம்' என்பதற்கு மற்றுமொரு பொருளும் உண்டு. மக்காவிலுள்ள பெரிய பள்ளிவாசலின் பெயர் 'மஸ்ஜிதுல் ஹராம்'. அங்கே அச்சொல் தீயதைக் குறிப்பதில்லை; மீறலாகாத புனிதத்தைக் குறிக்கிறது. எபிரேய மொழியில் 'ஹேரெம்' என்பது இதே வேரிலிருந்து வந்தது. ஆண்டவருக்கென்று ஒதுக்கப்பட்டதைச் சுட்டுவது. யோசுவா நூலில் எரிக்கோ வீழ்ந்தபோது, அவ்வாறு ஒதுக்கப்பட்ட பொருள்களிலிருந்து ஒரு மேலாடையையும் வெள்ளியையும் பொன்னையும் ஆக்கான் எடுத்துத் தன் கூடாரத்தில் புதைத்து வைத்தான். பொன் தீயதன்று, அது அவனுடையது அன்று என்பதே குற்றம்.

அப்படியானால், ஹராமான பணம் கையில் இருந்தால் என் செய்வது? உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். எவரையும் கண்டறிய இயலாவிடில் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அதைத் தம் தருமமாக எண்ணிக்கொள்ளலாகாது. இது இஸ்லாமிய அறிஞர்கள் கூறும் வழி. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நம் குருக்கள் கூறுவதும் ஏறக்குறைய இதுவே. திருடியதைத் திருப்பிக் கொடுக்கும் மனமின்றிப் பெறும் பாவமன்னிப்பு செல்லாது என்று நம் திருச்சபையும் கற்பிக்கிறது. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படித்து அஞ்சும் குடும்பங்கள், அதை வாங்கிய பணம் எவ்வழியில் வந்தது என்பதையும் கேட்டுப் பார்க்கட்டும்.