கடனை அடைத்துவிட்டுக் கம்பெனியை மூட

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். இரண்டே இயக்குநர்கள். இருவருக்கும் வயதாகிவிட்டது, பிள்ளைகள் தொழிலுக்கு வரவில்லை. இடத்தையும் இயந்திரங்களையும் விற்றால் 80 லட்சம் வரும். கடன் 12 லட்சம். அதில் 9 லட்சம் வங்கிக்கு. நொடித்துப்போகாத இத்தகைய கம்பெனி தானே முன்வந்து கலைந்துகொள்ள, 2016-ம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 59-வது பிரிவு வழி தருகிறது.

எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் முதல் காகிதம்தான். தீர விசாரித்துவிட்டோம், சொத்தை விற்றுக் கடன் முழுவதையும் அடைக்க முடியும், யாரையும் ஏமாற்றுவதற்காக மூடவில்லை என்று பெரும்பான்மை இயக்குநர்கள் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். இங்கே இருவர்தான் என்பதால் இருவருமே கையெழுத்திட வேண்டும். கூடவே இரண்டாண்டுத் தணிக்கைக் கணக்கு. சறுக்குவதும் இங்கேதான். வங்கிக் கடன் கணக்கில் இருக்கும். பல வருடம் உழைத்த தொழிலாளியின் கிராஜுவிட்டியும், மேல்முறையீட்டில் நிற்கும் ஜிஎஸ்டி கோரிக்கையும் பல சமயம் இருக்காது. அவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

ஜூன் 3-ல் உறுதிமொழி என்றால், நான்கு வாரத்துக்குள் பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் போட்டு, பதிவுபெற்ற திவால் நிபுணர் ஒருவரைக் கலைப்பாளராக நியமிக்க வேண்டும். ஜூன் 24-ல் தீர்மானம் நிறைவேறினால், ஏழு நாளுக்குள் கடன்காரர்களும் சம்மதிக்க வேண்டும். கணக்கு தலைகளுக்கு இல்லை, தொகைக்கு: மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 8 லட்சம். ஆகவே வங்கி ஒன்று சம்மதித்தாலே போதும்.

தீர்மானத் தேதியோடு வழக்கமான வியாபாரம் நின்றுவிடும்; கலைப்புக்குத் தேவையான வேலை மட்டும் நடக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் கம்பெனி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஐந்து நாளுக்குள் கலைப்பாளர் நாளிதழ்களில் அறிவிப்புத் தருவார். பாக்கி கேட்க ஜூலை 24 வரை அவகாசம். சொத்தை விற்று, செலவும் கடன்களும் போக மிஞ்சியதைத்தான் பங்குதாரர்களுக்குப் பிரிக்கலாம். பணம் போதாது என்று தெரிந்தால், கலைப்பை நிறுத்திவைக்கும்படி அவர் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்திடம் கேட்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் அதே தீர்ப்பாயம் பிறப்பிக்கும் உத்தரவோடுதான் கம்பெனி இல்லாமல் போகும்.

பதிவாளரிடம் விண்ணப்பித்துப் பெயரை நீக்கிக்கொள்வது செலவு குறைந்த வழி. ஆனால் அதற்கு இயக்குநர்கள் சொந்தப் பொறுப்பில் ஈட்டுறுதி எழுதித் தர வேண்டும். பாதிக்கப்பட்ட கடன்காரர் 20 ஆண்டுக்குள் தீர்ப்பாயம் போய்க் கம்பெனியைத் திரும்ப உயிர்ப்பிக்கக் கேட்கலாம். சொத்தும் தொழிலாளியும் கொடுக்கல் வாங்கலும் இருந்த கம்பெனிக்கு, கலைப்பாளர் கட்டணம் கொடுத்தாலும் 59-வது பிரிவே நல்லது.