கார் வாடகை: முன்பணம் எங்கே குறைகிறது?

கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால், அது நாமே ஓட்ட வாடகைக்கு விடப்படும் கார். சென்னையில் ஒரு நிறுவனத்திடம் அப்படியொரு காரை இரண்டு நாளுக்கு எடுத்துத் திருச்சி போய்வந்தோம். இன்ஜினும் பிரேக்கும் குறையில்லை. முன்டயர்கள் மட்டும் தேய்ந்திருந்தன. மாற்றியே தந்திருக்க வேண்டும்.

விக்கிரவாண்டி தாண்டி ஒரு டயர் பஞ்சர். உதவி எண்ணில் உடனே பேசினார்கள், ஆனால் பஞ்சரும் பேட்டரி இறங்குவதும் வாடிக்கையாளர் செலவு என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஸ்டெப்னியில் காற்று இருந்ததால் தப்பித்தோம். காரை எடுக்கும்போதே ஸ்டெப்னி, ஜாக்கி இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

முன்பணம் 5,000 ரூபாய். வரம்பு 600 கிலோமீட்டர், ஓடியது 690. கூடுதல் 90 கிலோமீட்டருக்கு, 12 ரூபாய் வீதம் 1,080 பிடித்தார்கள். அது நியாயம். ‘இதர கட்டணம் 900’ என்ற வரிதான் புரியவில்லை. கேட்டபின், அதில் 400 பாஸ்டேக் சுங்கம், 500 பம்பர் கீறலுக்கு என்றார்கள். அந்தக் கீறல் வண்டியை எடுக்கும்போதே இருந்தது. நேரத்தோடு பதிவான வீடியோவை அனுப்பியதும் 500 திரும்பியது. வீடியோ இல்லாதவர் அந்தப் பணத்தை இழந்திருப்பார். வண்டியை நம்பி எடுக்கலாம். பில்லை மட்டும் வரிவரியாகப் பிரித்துக் கேட்டு வாங்குங்கள்.