மின்விசிறியை மாற்றினால் பணம் மிச்சமாகுமா?

சென்ற மாத மின்கட்டணத்தைப் பார்த்ததும் அம்மா முடிவு செய்துவிட்டார். “வீட்ல இருக்கிற மூணு ஃபேனையும் மாத்திடலாம். டிசி ஃபேன் போட்டா பாதி கரண்ட்தானாம்!” வாங்குவதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்கலாமே என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

எங்கள் வீவக வீட்டில் இருப்பவை பழைய வகை மின்விசிறிகள். அவற்றின் மோட்டாரில் சுழலும் பகுதிக்குக் காந்தசக்தியை உண்டாக்கவே கொஞ்சம் மின்சாரம் செலவாகிறது. அதில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. டிசி மின்விசிறியில் நிரந்தரக் காந்தம் இருப்பதால் அந்தச் செலவு இல்லை. முழு வேகத்தில் எங்கள் விசிறிக்கு 75 வாட் தேவை. அம்மா பார்த்து வைத்திருந்த புதிய விசிறிக்கு 35 வாட் போதும்.

வித்தியாசம் 40 வாட். அதாவது, 25 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் மிச்சம். ஒரு யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டேன்.

வரவேற்பறை விசிறி நாளுக்கு 15 மணி நேரம் ஓடுகிறது. மாதம் 450 மணி நேரம். 18 யூனிட் மிச்சம். அது $5.40, ஆண்டுக்கு ஏறக்குறைய $65. புதிய விசிறியைப் பொருத்தும் கூலியோடு $260 ஆகும் என்றால், நான்கு ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும்.

விருந்தினர் அறை விசிறி நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் ஓடுகிறது. அதில் மாதம் 72 காசுதான் மிச்சம். அதே $260 திரும்பி வர 30 ஆண்டுகள் ஆகும்! அதற்குள் புதிய விசிறியே பழசாகிவிடும்.

இதுவும் முழு வேகக் கணக்குதான். வேகத்தைக் குறைத்தால் இரண்டு விசிறிகளுமே குறைவாக மின்சாரம் எடுக்கும். நடு வேகத்தில் வித்தியாசம் 25 வாட்டாகச் சுருங்கினால், வரவேற்பறைக்கே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பெட்டியில் வாட் அளவை மட்டும் பார்ப்பதும் தவறு. நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காற்றே வராத விசிறி குறைந்த மின்சாரத்தில் ஓடி என்ன பயன்?

பழுதுச் செலவும் உண்டு. பழைய விசிறி மெதுவாகச் சுற்றினால், பெரும்பாலும் கெப்பாசிட்டரை மாற்றினால் போதும். அதன் விலை சில வெள்ளிதான். டிசி விசிறியில் மின்னணுப் பலகை கெட்டால் செலவு அதிகம். அதனால் அந்தப் பலகைக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கடையில் கேட்பது நல்லது.

கணக்கைக் காட்டியதும் அம்மா சிறிது நேரம் யோசித்தார். “அப்போ ஹாலுக்கு மட்டும் ஒண்ணு வாங்குவோம். மத்தது கெட்டுப்போனா பார்த்துக்கலாம்,” என்றார்.

மூன்று விசிறிகளுக்குப் போக இருந்த $780, இப்போது $260 ஆகிவிட்டது. உங்கள் வீட்டிலும் மாற்றும் யோசனை இருந்தால், எந்த விசிறி நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று முதலில் ஒரு வாரம் குறித்து வையுங்கள்.