சொந்தப் பட்டமளிப்புக்கு ஒரு நாள் லீவு

எனது கடையில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் சென்ற வருடம் ஒரு கடதாசியைக் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு, நான் வாசிக்க முன்னரே வெளியே போய்விட்டார். "தவிர்க்க முடியாத குடும்ப விடயம் காரணமாக எனக்கு இரண்டு மூன்று நாட்கள் லீவு தந்துதவுமாறு மிகத் தாழ்மையுடன் கெஞ்சிக் கேட்கிறேன்" என்று எழுதியிருந்தது. சம்மாந்துறைப் பக்கத்துப் பிள்ளை. கடைக்கு வந்து ஆறு மாதம். வீட்டில் ஏதோ துக்கம் என்று பயந்து கூப்பிட்டு விசாரித்தேன். தலையைக் குனிந்துகொண்டு, "முதலாளி, எனக்கு ஒலுவிலில் பட்டமளிப்பு" என்றார்.

வேலைக்குச் சேரும்போது உயர்தரம் வரை படித்ததாகத்தான் சொல்லியிருந்தார். பட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் 'இவன் நிற்கமாட்டான், அரசாங்க வேலை கிடைத்தால் போய்விடுவான்' என்று நினைத்து எடுக்கமாட்டேன் என்ற பயம். உண்மையைச் சொல்வதானால், அப்படி நினைத்திருக்கவும் கூடும். பத்தாம் வகுப்போடு கடைக்கு வந்தவன் நான். பட்டதாரியைக் கண்டால் எங்களுக்கும் ஒரு கூச்சம் உண்டு.

அன்று அந்தக் கடதாசியைத் திருப்பிக் கொடுத்து, வேறு எழுதி வரச் சொன்னேன். முதன்முதலாக லீவுக் கடிதம் எழுதும் பிள்ளைகளுக்கு உதவும் என்பதால் அந்த விபரத்தை இங்கே தருகிறேன்.

முதலில் அது கெஞ்ச வேண்டிய விடயமே அல்ல. கடைகளிலும் தனியார் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி சேர்ந்த முதல் வருடத்தில் வருடாந்த லீவு கிடையாது. ஆனால் சொந்த அலுவல், சுகவீனம் போன்ற நியாயமான காரணங்களுக்காக, முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. கெசுவல் லீவு என்று நாம் சொல்வது இதைத்தான். இரண்டாம் வருடத்திலிருந்து அது வருடத்துக்கு ஏழு நாள். எங்கள் தம்பிக்கு ஆறு மாதம் என்றால் மூன்று நாள். காய்ச்சலுக்கு ஒரு நாள் எடுத்திருந்தார். மிச்சம் இரண்டு. சம்பளம் வெட்டுப்படுமோ என்று அவர் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. இதை அவரும் அறியவில்லை, முப்பது வருடம் கடை நடத்திய நானும் என் கணக்காளரிடம் கேட்டுத்தான் சரியாக அறிந்துகொண்டேன்.

அடுத்தது, "இரண்டு மூன்று நாட்கள்" என்ற கணக்கு. முதலாளிக்கு எரிச்சல் வருவது லீவு கேட்பதால் அல்ல, எத்தனை நாள் என்று தெரியாமல் இருப்பதால்தான். விழா சனிக்கிழமை. வெள்ளி இரவு கொழும்பிலிருந்து பஸ் எடுத்தால் விடியும்போது ஊரில் இறங்கலாம். ஞாயிறு எங்கள் கடை பூட்டு. ஞாயிறு இரவு ஏறினால் திங்கள் காலை வேலைக்கு வரலாம். ஆக வேண்டியது சனிக்கிழமை ஒரு நாள் மட்டும்தான். பிறகு ஏன் மூன்று நாள் என்று கேட்டேன். அங்கியை முதல் நாளே வந்து எடுக்க வேண்டும் என்று கூட்டாளி ஒருவர் சொன்னாராம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தை அவர் முழுதாக வாசித்திருக்கவில்லை. தொலைபேசியில் கேட்டுப் பார்த்ததில், தூர இடத்தவர்கள் விழா அன்று காலையிலும் எடுக்கலாம் என்றார்கள். ஒரு கேள்வியில் ஒரு நாள் மிச்சமானது. எல்லா இடத்திலும் இப்படி இருக்காது. சில இடங்களில் முதல் நாள் ஒத்திகையும் உண்டு. அப்படியானால் இரண்டு நாள் என்றே நேராக எழுத வேண்டும். ஒரு நாள் என்று எழுதிவிட்டுப் போய், அங்கிருந்து "இன்னும் ஒரு நாள்" என்று செய்தி அனுப்பினால் அடுத்த லீவு கேட்பது கஷ்டமாகிவிடும்.

மூன்றாவது விடயம் எனக்குத்தான் பெரிய விடயம். அதே சனிக்கிழமை கடையில் சரக்கு இருப்பு எண்ண வைத்திருந்தோம். புடவைக் கட்டுகள் எண்ணும்போது பதிவுத் தாள் இவர் கையில்தான் இருக்கும். அவர் எழுதி வந்த இரண்டாவது கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

பட்டமளிப்பு விழாவுக்குச் செல்ல ஒரு நாள் லீவு கோரல்

எனது பட்டமளிப்பு விழா இம்மாதம் 22ஆம் திகதி சனிக்கிழமை ஒலுவிலில் நடைபெறவுள்ளது. அதில் பட்டம் பெறுவதற்காக அன்றைய ஒரு நாளை எனது கெசுவல் லீவில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 24ஆம் திகதி திங்கட்கிழமை காலை வழமைபோல் வேலைக்கு வருவேன்.

அன்று இருப்பு எண்ண இருப்பதை அறிவேன். பதிவுத் தாள்களை 20ஆம் திகதிக்குள் இறாக்கை வாரியாக எழுதி முடித்து, காசாளர் நானாவிடம் விளக்கி ஒப்படைப்பேன். அவரும் சம்மதித்துள்ளார். அவசரமானால் எனது கைத்தொலைபேசிக்கு அழைக்கலாம்.

பல்கலைக்கழகத்தின் அழைப்புக் கடிதப் பிரதியை இணைத்துள்ளேன்."

கீழே பெயர், கையொப்பம், திகதி. அவ்வளவுதான். விழாவுக்கு மூன்று கிழமைக்கு முன்னரே தந்தார். பட்டம் எவ்வளவு பெரிய விடயம், உம்மா வாப்பா எவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்று ஒரு வரியும் இல்லை. அழைப்புக் கடிதமே அதைச் சொல்லிவிடுகிறது. காசாளரிடம் முதலில் பேசிவிட்டு எழுதியதுதான் எனக்குப் பிடித்தது. பேசாமலே பெயரைப் போட்டிருந்தால் அன்றே கடையில் சண்டை வந்திருக்கும்.

"தொடர்ந்து உங்களிடமே வேலை செய்வேன்" என்றும் ஒரு வரி முதலில் எழுதியிருந்தார். அதை நானே வெட்டினேன். ஒரு நாள் லீவுக்காக ஒருவர் வாழ்நாள் வாக்குறுதி தருவது சரியல்ல, நானும் அதை நம்பப் போவதில்லை. பட்டத்தை மறைத்தது பற்றி எனக்கு மனவருத்தம் இருந்தது. அதை வாயால் பேசித் தீர்த்துக்கொண்டோம். லீவுக் கடிதத்தில் அதற்கு இடமில்லை.

சிலர் இவ்வளவு ஏன் என்று "வயிற்று வலி" சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சுகமில்லை என்றவர் அங்கியும் தொப்பியுமாக நிற்கும் படம் மத்தியானமே பேஸ்புக்கில் வந்துவிடும். பக்கத்துக் கடைக்காரர் ஒருவருக்கு இது நடந்தது. அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லியிருந்தால் லீவும் கிடைத்திருக்கும், வேலையும் போயிருக்காது என்று அவரே என்னிடம் சொன்னார்.

கடிதத்தின் அடியில் "சரி" என்று எழுதி ஒப்பமிட்டு, பிரதி ஒன்றை அவரிடமே கொடுத்தேன். வாயால் மட்டும் சம்மதம் சொன்னால் சம்பளம் போடும் நேரத்தில் அது மறந்துபோகும். நான் மறந்திருக்கிறேன்.

இருப்பு எண்ணிய அன்று பதிவுத் தாளில் ஒரே ஓர் இறாக்கை விடுபட்டிருந்தது. காசாளர் தொலைபேசியில் கூப்பிட்டார், மண்டபத்துக்கு வெளியே வந்து நின்று தம்பி பதில் சொன்னார். திங்கள் காலை எட்டரைக்கு வந்து, பஸ்ஸில் தூங்காத கண்ணோடு அந்த இறாக்கையைத் தானே எண்ணி முடித்தார். பட்டம் வாங்கிய படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வாப்பாவின் கையில் பட்டச் சுருள் இருந்தது, பிள்ளை பக்கத்தில் நின்றார்.