தலைக்கணக்கில் ஓர் இந்தியா வரைபடம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண்களின் எழுத்தறிவு மிகக் குறைவாக இருந்த மாநிலம் பீகார். நூற்றுக்கு 51.5 பேர். அதற்கு அடுத்தபடி ராஜஸ்தான், 52.1 பேர். இரண்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இனி ஓர் இந்தியா வரைபடத்தை எடுத்து, எழுத்தறிவு குறையக் குறைய நிறம் அடர்த்தியாகும்படி மாநிலங்களுக்கு வண்ணம் தீட்டிப் பாருங்கள். பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் நாம் பார்த்துப் பழகிய படம்தான். கண் நேராக ராஜஸ்தானுக்குப் போகும். மேற்கில் பெரிதாகப் பரந்து கிடக்கும் அந்த அடர்நிறத்தைத் தாண்டி வந்த பிறகுதான் பீகார் கண்ணில் படும்.

ராஜஸ்தானின் பரப்பு 3,42,239 சதுர கிலோமீட்டர். பீகார் 94,163 சதுர கிலோமீட்டர். காகிதத்தில் ராஜஸ்தானுக்கு மூன்றரை மடங்குக்கும் கூடுதலான மை செலவாகிறது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பின்படி ராஜஸ்தானில் வாழ்ந்தவர்கள் 6.85 கோடிப் பேர், பீகாரில் 10.41 கோடிப் பேர். படிக்க வாய்ப்புக் கிடைக்காத பெண்கள் எங்கே அதிகம் என்று கேட்டால், வரைபடம் காட்டும் திசைக்கு நேர் எதிரில் இருக்கிறது விடை. வடகிழக்கே அருணாசலப் பிரதேசத்தையும் பாருங்கள். அங்கும் பெண் எழுத்தறிவு 57.7 தான். பரப்பில் ஏறக்குறைய பீகார் அளவு இருப்பதால் படத்தில் அதுவும் பெரிதாகவே தெரியும். அங்கே இருந்தவர்களோ 13.8 லட்சம் பேர். அருணாசலத்தில் ஒருவர் என்றால் பீகாரில் 75 பேர்.

படத்தின் நிறங்களும் சரி, எண்களும் சரி. கோளாறு, காகிதத்தில் யாருக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது. ஆள் நடமாட்டமே அரிதான மலையும் பாலையும், நெருக்கியடித்து மக்கள் வாழும் கங்கைச் சமவெளியும் சதுர கிலோமீட்டருக்கு ஒரே அளவு இடம் பெறுகின்றன. இதை மாற்றி, ஒவ்வொரு மனிதருக்கும் காகிதத்தில் ஒரே அளவு இடம் என்று வைத்து வரைந்தால் வருவதுதான் கார்ட்டோகிராம்.

கணக்கு எளிமையானது. இந்தியாவின் பரப்பு 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர். 2011இல் மக்கள் சுமார் 121 கோடி. வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 368 பேர். (அரசுப் புத்தகங்களில் இந்தச் சராசரி 382 என்றிருக்கும். ஜம்மு காஷ்மீரில் கணக்கெடுக்க முடியாத பகுதிகளின் பரப்பை அங்கே கழித்துவிடுகிறார்கள். நாம் வரையும் படத்தில் அந்தப் பரப்பும் இருப்பதால் 368ஐ எடுத்துக்கொள்வோம்.) பீகாரில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,105 பேர். அது சராசரியைப்போல மூன்று மடங்கு என்பதால் பீகாரின் பரப்பு படத்தில் மூன்று மடங்காக வேண்டும். ராஜஸ்தானில் 200 பேர்தான், ஆகவே அது பாதிக்குச் சற்று மேலாகச் சுருங்கும். தமிழ்நாடு ஒன்றரை மடங்காகும். அருணாசலம் இருபத்திரண்டில் ஒரு பங்காகிவிடும். 1,483 சதுர கிலோமீட்டரில் 1.68 கோடிப் பேர் வாழ்ந்த டெல்லி முப்பது மடங்கு பெருக்கும். பரப்பு முப்பது மடங்கு என்றால் நீளமும் அகலமும் ஐந்தரை மடங்கு. வழக்கமான படத்தில் புள்ளியாக இருக்கும் டெல்லி, கார்ட்டோகிராமில் கேரளத்தில் பாதி அளவுக்கு வந்துவிடும்.

கணக்கு எளிது, வரைவதுதான் கடினம். பீகார் மூன்று மடங்காக வேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒதுங்க வேண்டும். மேற்கே உத்தரப் பிரதேசமும் இரண்டு மடங்குக்கு மேல் வளர்கிறது, கிழக்கே மேற்கு வங்கமும் மூன்று மடங்கை நெருங்குகிறது. மூன்றும் ஒன்றையொன்று தள்ளும்போது எல்லைக்கோடுகள் கிழிந்துவிடக் கூடாது. யாருக்கு யார் அண்டை மாநிலம் என்பது மாறக் கூடாது. உருவமும் கூடியவரை அடையாளம் தெரிய வேண்டும். 1934இல் எர்வின் ரைஸ் என்ற வரைபட அறிஞர் அமெரிக்க மாநிலங்களை வெறும் செவ்வகங்களாக வரைந்து இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போனார். கணினி வந்த பிறகு பலரும் பல வழிகளில் முயன்றார்கள். சிலவற்றில் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின, சிலவற்றில் உருவம் அடையாளம் தெரியாமல் போனது.

2004இல் மைக்கேல் காஸ்ட்னர், மார்க் நியூமன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் வேறொரு வழியைக் காட்டினார்கள். தண்ணீரில் விட்ட மைத்துளி அடர்ந்த இடத்திலிருந்து அடர்த்தி குறைந்த இடத்துக்குப் பரவி, கடைசியில் எங்கும் ஒரே நிறமாவதைப் போல, மக்கள் அடர்த்தியைப் பரவ விட்டார்கள். வரைபடத்தின் மேல் மிக நுண்ணிய கட்டங்களைப் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் அங்கே உள்ள மக்கள் அடர்த்தியைக் கொடுக்க வேண்டும். நெருக்கமான கட்டத்திலிருந்து காலியான கட்டத்துக்கு அடர்த்தி நகரும்போது, அந்த வழியில் இருக்கும் எல்லைக்கோட்டின் புள்ளிகளையும் அது தன்னோடு இழுத்துப்போகும். எங்கும் அடர்த்தி சமமானதும் நகர்வு நின்றுவிடும். அப்போது எல்லைகள் எங்கே இருக்கின்றனவோ அதுவே கார்ட்டோகிராம். அலைந்து பரவும் அடர்த்தி எல்லைகளை வளைக்குமே தவிர வெட்டாது என்பதால் அண்டை மாநிலங்கள் அண்டை மாநிலங்களாகவே இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் கடல். கடலில் ஆளே இல்லை என்று பூஜ்யத்தைக் கொடுத்தால், மொத்த மக்கள் அடர்த்தியும் கடலுக்குள் வழிந்து நாடு முடிவில்லாமல் ஊதிக்கொண்டே போகும். ஆகவே கடலுக்கும் அயல்நாடுகளுக்கும் நாட்டின் சராசரி அடர்த்தியையே கொடுத்துவிடுகிறார்கள். அப்போது நாட்டின் மொத்தப் பரப்பு மாறாமல் நிற்கும், உள்ளே மட்டும் மாநிலங்கள் இடம் மாற்றிக்கொள்ளும். இதே அடிப்படையை இன்னும் வேகமாகச் செய்யும் முறை ஒன்றை காஸ்ட்னரும் அவருடைய கூட்டாளிகளும் 2018இல் வெளியிட்டார்கள். இப்போது go-cart.io என்ற தளத்தில் எண்களைக் கொடுத்தால் இந்தப் படம் சில நொடிகளில் கிடைத்துவிடுகிறது.

கிடைத்த படம் சரியா என்று சோதிப்பதும் எளிது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் படத்தில் உள்ள பரப்பை அதன் மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். எல்லா மாநிலத்துக்கும் ஒரே எண் வந்தால் சரி. ஓரிரு மாநிலங்களில் மட்டும் விலகினால், மென்பொருள் பாதியில் நின்றிருக்கலாம், அல்லது அந்த மாநிலத்தின் எண் தவறாக ஏறியிருக்கலாம்.

எப்போது இந்தப் படம் வழக்கமான படத்தை வெல்கிறது? நான் கேட்கும் முதல் கேள்வி, நிறம் எதைக் குறிக்கிறது என்பதுதான். எழுத்தறிவு, குழந்தை இறப்பு, வேலையின்மை, வாக்கு இவையெல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு. இவற்றுக்கு ஆள்கணக்கில் வரைந்த படமே பொருந்தும். மழை, காடு, நிலத்தடி நீர், மண்வளம் ஆகியவை நிலத்துக்கு இவ்வளவு என்ற கணக்கு. அவற்றைக் கார்ட்டோகிராமில் போட்டால், அருணாசலத்தின் காடுகள் ஒரு சிறு சுருக்கமாகிப்போய், டெல்லியின் கான்கிரீட் பெரும் பரப்பாகி நிற்கும். தவறான படம் அது. அடுத்ததாக, அடர்த்தியில் ஏற்றத்தாழ்வு பெரிதாக இருக்க வேண்டும். எல்லாப் பகுதிகளிலும் மக்கள் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் வாழும் இடமென்றால் இத்தனை பாடுபட்டும் படம் அசையாது. மூன்றாவதாக, வாசகருக்கு அசல் உருவம் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவின் உருவம் நமக்குத் தெரியும், அதனால் பீகார் வீங்கியிருப்பதை உடனே உணர்கிறோம். அறிமுகமில்லாத ஒரு நாட்டின் மாவட்டங்களை இப்படிக் காட்டினால் எது வீங்கியது, எது இயல்பு என்றே தெரியாது. அங்கே வழக்கமான படத்தைப் பக்கத்தில் சிறிதாகவாவது வைத்தே தீர வேண்டும்.

துல்லியமான ஒப்பீட்டுக்கு எந்த வரைபடமும் தோதல்ல. கோணல்மாணலான இரண்டு உருவங்களின் பரப்பைக் கண்ணால் ஒப்பிடுவதில் நாம் திறமைசாலிகள் அல்ல. பீகாரா, மேற்கு வங்கமா, எது பெரிது என்று அறிய வேண்டுமானால் பட்டை வரைபடமே போதும்.

செய்கிறவர்கள் அடிக்கடி தவறும் இடம் ஒன்று உண்டு. அளவை மக்கள்தொகையால் மாற்றிவிட்டு, நிறத்துக்கும் மொத்த எண்ணிக்கையையே கொடுப்பது. பெரிதாகவும் இருக்கும், அடர்நிறமாகவும் இருக்கும்; ஆனால் இரண்டும் சொல்வது ஒரே செய்தி. அளவு எத்தனை பேர் என்று சொல்லட்டும், நிறம் அவர்களில் எத்தனை சதவீதம் என்று சொல்லட்டும். அப்போதுதான் பெரிய அடர்நிறத் திட்டு என்பதற்கு நிறையப் பேர், மோசமான நிலை என்று பொருள் வரும்.

மாநிலத்தையே ஓர் அலகாக எடுப்பதிலும் ஒரு குறை இருக்கிறது. ராஜஸ்தானில் ஜெய்சால்மர் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 17 பேர்தான். ஜெய்ப்பூரில் ஏறத்தாழ 600 பேர். மாநில அளவில் எண்ணைக் கொடுத்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் சுருங்கும். 2011 கணக்கெடுப்பின் 640 மாவட்டங்களையும் கொண்டு வரைந்தால் பாலைவனம் மட்டும் சுருங்கி ஜெய்ப்பூர் விரியும். உருவம் இன்னும் கோணலாகும், ஆனால் உண்மைக்கு நெருக்கமாகும்.

தேர்தல் முடிவுகளில் இந்தப் படத்தின் தேவை இன்னும் கூர்மையாகிறது. பரப்பில் நாட்டிலேயே பெரிய மக்களவைத் தொகுதி லடாக். வென்ற கட்சியின் நிறத்தைத் தீட்டும் படத்தில் அந்த ஒரே ஓர் உறுப்பினர் வடக்கு மூலையை முழுதாக நிரப்பிவிடுவார். மும்பையிலும் டெல்லியிலும் பல தொகுதிகள் கண்ணுக்கே தெரியாது. இதற்குத் தொகுதிக்கு ஓர் அறுகோணம் என்று 543 அறுகோணங்களை அடுக்கி வரைகிறார்கள். அதுவும் ஒருவகைக் கார்ட்டோகிராம்தான்.

ஆனால் தொகுதியை எண்ணி வரைந்த படமும் ஆளை எண்ணி வரைந்த படமும் ஒன்றல்ல. மாநிலங்களுக்கு இடையே மக்களவை இடங்கள் 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் பங்கிடப்பட்டு, அப்படியே நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு 39, பீகாருக்கு 40. அறுகோணப் படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. 2011இன் ஆள்கணக்கில் வரைந்தால் தமிழ்நாட்டின் 7.21 கோடிக்கு எதிரே பீகாரின் 10.41 கோடி, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பெரிதாக நிற்கும். கேரளம் மொத்த இடங்களில் 3.7 சதவீதம் பெற்றிருக்கிறது, மக்களில் 2.8 சதவீதம். அவையில் யாருக்கு எவ்வளவு பலம் என்று காட்ட முதல் படம் சரி. எத்தனை வாக்காளர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று காட்ட, 2011இன் மக்கள்தொகைகூடப் போதாது. அந்தத் தேர்தலின் வாக்காளர் பட்டியலைக் கொண்டே வரைய வேண்டும். தொகுதி மறுவரையறை பற்றிய விவாதத்தில் இரு தரப்பும் இத்தகைய படங்களை எடுத்து நீட்டும்போது, ஒரு கட்டம் ஓர் உறுப்பினரைக் குறிக்கிறதா, லட்சம் பேரைக் குறிக்கிறதா, அது எந்த ஆண்டின் கணக்கு என்று படத்தின் அடியில் எழுதியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.