மெயினில் நேராகப் போடாதே, தம்பி

பில் தொகை 425 ரூபாய். திரையில் வந்து நின்றது 42,500.

போன வியாழக்கிழமை எங்கள் குழுவில் ஒரு பெண் இந்த எண்ணோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினாள். பிழை தன்னுடையது என்றே நினைத்து, அன்று எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தாள். அவள் கோடில் பிழையே இல்லை. நான்கு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த தம்பி, மத்தியானம் தன் மாற்றத்தை நேராக மெயினில் போட்டிருந்தான். அன்றிரவு அவனுக்கு நான் எழுதிய செய்தியைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மளிகைக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எங்களுடையது. நாங்கள் ஐந்து பேர். எங்கள் கோடு முழுவதும் கிட் என்ற கருவியில் இருக்கிறது. பலர் ஒரே சமயத்தில் ஒரே கோடில் வேலை செய்வதற்காக, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கருவி அது. அதில் மெயின் என்பது எல்லோருக்கும் பொதுவான பிரதி. பத்திரிகை அலுவலகத்தில் அச்சுக்குப் போகும் பக்கம் எப்படியோ, அப்படி. தினமும் காலையில் எல்லோரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவோம். கடைகளுக்குப் போகும் புதிய பதிப்பும் அதிலிருந்துதான் தயாராகும். அவரவர் திருத்தம் பிராஞ்ச் என்ற தனிக் கிளையில் நடக்கும். முடிந்ததும், இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகு மெயினில் சேரும். அப்படிப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பதற்குத்தான் புல் ரெக்வெஸ்ட் என்று பெயர்.

செய்தியை இப்படித் தொடங்கினேன்:

"தம்பி, முதல்ல ஒண்ணு. நீ செஞ்ச மாற்றம் சரி. ரூபாயைப் புள்ளி வச்சுக் கணக்குப் போட்டா கம்ப்யூட்டர்ல சில்லறை பிசகும். அதைப் பைசாவா, முழு எண்ணா மாத்தினது நல்ல வேலை. நாங்க ரொம்ப நாளா தள்ளிப்போட்டுட்டு இருந்தோம். கோடில குறை இல்ல. அது போய்ச் சேர்ந்த வழிதான் தப்பு."

இதை ஆறுதலுக்காக எழுதவில்லை. உண்மையே அதுதான். மொத்தத் தொகையைத் திருப்பித் தரும் ஃபங்ஷனை அவன் மாற்றினான். முன்பு 425 என்று தந்தது, இப்போது 42500 என்று பைசாவில் தரும். அதைப் பயன்படுத்தும் மூன்று இடங்களையும் தேடித் திருத்தினான். டெஸ்டுகளை ஓட்டினான், எல்லாம் பச்சை. பிறகு கமிட் செய்து மெயினுக்குப் புஷ் செய்தான்.

"உன் மெஷின்ல ஓடுச்சுன்னு எனக்குத் தெரியும். ஆனா நாலாவது இடம் ஒண்ணு இருந்துச்சு. அது உன் கண்ணுக்குத் தெரிய வாய்ப்பே இல்ல. அவ பிராஞ்ச்ல இருந்துச்சு."

அவள் தள்ளுபடிச் சீட்டு ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். அதே ஃபங்ஷனை ஒரு புதிய கோப்பிலிருந்து கூப்பிட்டிருந்தாள். மாலை நான்கு மணிக்கு மெயினைத் தன் கிளையோடு இணைத்தாள். கிட் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இரண்டையும் சேர்த்துவிட்டது. புதிதாக வருகிறவர்கள் பலருக்கும் புரியாத இடம் இது. கிட் பார்ப்பது வரிகளைத்தான். ஒரே வரியை இரண்டு பேர் வெவ்வேறாக மாற்றியிருந்தால் "கான்ஃப்ளிக்ட்" என்று நிறுத்தும். அவன் ஒரு கோப்பை மாற்றினான், அவள் வேறொன்றை எழுதினாள். கிட்டைப் பொறுத்தவரை சண்டையே இல்லை. ரூபாய் பைசாவானது அதற்குத் தெரியாது. அது மனிதர்களுக்குத்தான் தெரியும்.

புல் ரெக்வெஸ்ட் போட்டிருந்தால் டெஸ்டுகள் இதைப் பிடித்திருக்குமா? பிடித்திருக்காது. அவள் எழுதியது இன்னும் மெயினுக்கு வராததால் அவன் பக்கம் எல்லாம் பச்சையாகவே இருந்திருக்கும். ஆனால் அதைப் படித்துப் பார்க்க வேண்டியவள் அவள்தான், ஏனென்றால் பில் பகுதி அவள் பொறுப்பு. "இதை நானும் கூப்பிடுறேனே" என்று ஒரு வரி எழுதியிருப்பாள். இரண்டு மணி நேரத் தேடல் இரண்டு நிமிடப் பேச்சாக முடிந்திருக்கும்.

அதே மாலை இன்னொன்றும் நடந்தது. ஒரு கடையில் பிரிண்டர் பில்லின் கடைசி வரியை வெட்டிவிடுகிறது என்று ஐந்து மணிக்குப் போன் வந்தது. இரண்டு வரியில் திருத்திவிடலாம். ஆனால் மெயினில் என்ன உடைந்திருக்கிறது என்று தெரியாமல் அதிலிருந்து புதிய பதிப்பை எப்படி அனுப்புவது? காரணம் கண்டுபிடித்து மெயினைச் சரிசெய்யும் வரை கடைக்காரர் வெட்டுப்பட்ட பில்லையே கொடுத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் தம்பி பதறிப்போனான். "அக்கா, ரீசெட் பண்ணி ஃபோர்ஸ் புஷ் பண்ணிடட்டுமா?" என்று கேட்டான். கேட்டானே, அது பெரிய விஷயம். ஃபோர்ஸ் புஷ் செய்தால் மெயினின் வரலாறே பழைய இடத்துக்குப் போய்விடும். அவனுக்குப் பிறகு மற்றொருவர் சேர்த்திருந்த இரண்டு கமிட்டுகளும் மெயினிலிருந்து மறைந்திருக்கும். அதனால் ரிவர்ட் செய்தோம். ரிவர்ட் எதையும் அழிக்காது. அந்த மாற்றத்துக்கு நேர் எதிரான புதிய கமிட் ஒன்றைச் சேர்க்கும், அவ்வளவுதான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ரிவர்ட் செய்த மாற்றத்தைப் பிறகு அதே பழைய கமிட்டாக மெர்ஜ் செய்தால் எதுவும் வராது. அது ஏற்கெனவே மெயினில் இருக்கிறது என்றே கிட் சொல்லும். புதிய கிளையில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்து, அதன் மேல்தான் திருத்த வேண்டும். இது தெரியாமல் "என் கோடு எங்கே போச்சு" என்று தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செய்தியில் அவனுக்கு இன்னொன்றும் எழுதினேன். மறந்துபோய் மெயினிலேயே கமிட் செய்துவிட்டால், புஷ் செய்யாதவரை கவலை இல்லை:

```
git switch -c bill-paise
git branch -f main origin/main
git push -u origin bill-paise
```

முதல் வரி, செய்த வேலையோடு புதிய கிளைக்கு மாறுகிறது. இரண்டாவது, தன் மெஷினில் இருக்கும் மெயினைப் பொதுப் பிரதி இருந்த இடத்துக்கே திருப்பி வைக்கிறது. மூன்றாவது, கிளையை மற்றவர்கள் பார்க்க அனுப்புகிறது. வேலையில் ஒரு எழுத்துகூடப் போகாது.

மெயினிலேயே நேராக வேலை செய்யும் குழுக்களும் உண்டு. அங்கே மாற்றங்களைச் சின்னச் சின்னதாக, ஒரு நாளைக்குப் பலமுறை சேர்ப்பார்கள். பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுதுவார்கள். உடைந்தால் சில நிமிடங்களில் சொல்லிவிடும் டெஸ்டுகளும் இருக்கும். எங்களிடம் அவ்வளவு டெஸ்டுகள் இல்லை. இல்லாதவரை எங்களுக்குப் புல் ரெக்வெஸ்ட்தான் பாதுகாப்பு.

செய்தியின் கடைசிப் பகுதி என்னைப் பற்றியது. "இதுல என் தப்பும் இருக்கு. நேரா புஷ் பண்ண முடியாதபடி மெயினைப் பூட்டி வச்சிருக்கணும். நான் செய்யல. நாளைக்கு அவகிட்ட நீ பேசு, நானும் பேசுறேன்."

அன்றிரவே கிட்ஹப் அமைப்பில் `Require a pull request before merging` என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கீழே `Do not allow bypassing the above settings` என்று இன்னொன்று இருக்கும். நிர்வாகிகளும் அந்த விதியை மீற முடியாதபடி செய்வது அது. அதிலும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை தம்பியின் புல் ரெக்வெஸ்ட் வந்தது. படித்துப் பார்த்தவள் அவள்தான். தள்ளுபடிச் சீட்டையும் சேர்த்து நாலு இடமும் பைசாவுக்கு மாறிவிட்டன. உங்கள் குழுவுக்குப் புதிதாக ஒருவர் வரப்போகிறார் என்றால், அவர் வருவதற்கு முந்தின நாளே அந்த இரண்டு கட்டங்களிலும் டிக் போட்டுவிடுங்கள்.