மூவர் ஏமாந்தும் திறக்காத பூட்டு

2022 ஜூலை 20 அன்று, கிளவுட்ஃபிளேர் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தின் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு, ஒரு நிமிடத்துக்குள் ஒரே மாதிரியான குறுஞ்செய்தி வந்தது. பணி அட்டவணை மாறியிருக்கிறது, பார்க்க இந்த இணைப்பைத் தொடுங்கள் என்றது அது. சிலருடைய வீட்டாருக்கும் அதே செய்தி போயிருந்தது. இணைப்பைத் தொட்டவர்களுக்கு நிறுவனத்தின் வழக்கமான உள்நுழைவுப் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம் திறந்தது. மூன்று பேர் அதில் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டிவிட்டார்கள். அந்த விவரங்கள் டெலிகிராம் வழியாக உடனே திருடர்களின் கைக்குப் போயின. ஆனாலும் நிறுவனத்துக்குள் அவர்களால் நுழைய முடியவில்லை.

பிஷிங் எனப்படும் இந்தத் தூண்டில் மோசடியைப் பற்றி அலுவலகங்களில் விளக்கக் கூட்டம் நடத்தும்போது கேட்க வேண்டிய கேள்விகள் பலவும் இந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கின்றன. முதல் கேள்வி: அந்த மூவரும் கவனமாக இருந்திருந்தால் தப்பியிருப்பார்களா?

செய்தியில் இருந்த முகவரி cloudflare-okta.com. கிளவுட்ஃபிளேர் தன் ஊழியர்களின் உள்நுழைவுக்கு ஓக்டா என்ற நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்தியது. ஆகவே இரண்டு பெயர்களுமே ஊழியர்களுக்குப் பழகியவை. ஓர் இணைய முகவரி யாருடையது என்பதைக் கடைசிப் பகுதியிலிருந்து பின்னோக்கிப் படித்தால்தான் கண்டுபிடிக்க முடியும். முகவரி .okta.com என்று புள்ளியோடு முடிந்தால் அது ஓக்டாவுக்குச் சொந்தம். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சிறு கோடு வந்துவிட்டால், அந்த நீண்ட பெயர் முழுவதையும் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி வாங்கியிருக்கலாம். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கலாம், கற்றுக்கொள்ளவும் முடியும். ஆனால் கைபேசியின் சிறு திரையில், வேறொரு வேலையின் நடுவே, ஒவ்வொரு முறையும் அதைக் கவனிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்திலேயே மூவர் தவறவிட்டார்கள். திருடனுக்கோ ஒருவர் போதும்.

இயந்திரங்களும் முதலில் கோட்டைவிட்டன. அந்தப் போலி முகவரி, செய்தி வருவதற்கு 40 நிமிடங்களுக்குள்தான் பதிவு செய்யப்பட்டிருந்தது. தன் பெயரைத் தாங்கிப் புதிதாகப் பதிவாகும் முகவரிகளைக் கண்காணிக்கும் ஏற்பாடு கிளவுட்ஃபிளேரிடம் இருந்தது. அந்தப் பதிவு வெளியுலகுக்குத் தெரியவரும் முன்பே தாக்குதல் தொடங்கிவிட்டது. கெட்ட முகவரிகளின் பட்டியலை வைத்துத் தடுக்கும் எந்த வடிகட்டிக்கும் இந்தக் குறை உண்டு.

அடுத்த கேள்வி: ஓடிபி காப்பாற்றியிருக்குமா? போலிப் பக்கம் கடவுச்சொல்லோடு நிற்கவில்லை. அடுத்த படியாக, கைபேசிச் செயலியில் 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணையும் கேட்டது. ஏமாந்தவர் அதைத் தட்டும் அதே நேரத்தில், மறுமுனையில் இருக்கும் ஆள் உண்மையான தளத்தில் அதே எண்ணைப் போட்டு நுழைந்துவிடலாம். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபிக்கும் இதே கதிதான். எண்ணை யார் தட்டுகிறார், எங்கே தட்டுகிறார் என்பது எண்ணுக்குத் தெரியாது. ஓடிபியால் பயனில்லை என்று இதற்குப் பொருளல்ல; கடவுச்சொல் மட்டும் களவு போன வழக்குகளில் அது நன்றாகவே காக்கும். தட்டியதை உடனுக்குடன் கடத்தும் தூண்டிலின் முன்தான் அது தோற்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் டுவிலியோ என்ற நிறுவனமும் இதே வகைக் குறுஞ்செய்திகளுக்கு இலக்கானது. அங்கே சில ஊழியர்கள் கொடுத்த விவரங்களைக் கொண்டு திருடர்கள் உள்ளே போய்விட்டார்கள். டுவிலியோவின் சேவையைப் பயன்படுத்திய சிக்னல் செயலி, தன் பயனர்களில் சுமார் 1,900 பேரின் தொலைபேசி எண்கள் இதனால் வெளிப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தது.

கிளவுட்ஃபிளேரில் ஒவ்வொரு ஊழியரிடமும் பாதுகாப்புச் சாவி என்ற சிறு கருவி இருந்தது. பென்டிரைவ் போலக் கணினியில் செருகுவது. கணக்கைத் தொடங்கும்போதே அது அந்தத் தளத்தின் முகவரிக்கென்று தனியாக ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்கிறது. பிறகு உள்நுழையும்போது, எந்த முகவரியில் நிற்கிறோம் என்பதை உலாவியே அதற்குச் சொல்கிறது. முகவரி ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்திட அதனிடம் சாவி இருக்காது. பயனரின் கண் ஏமாறலாம். இங்கே முகவரியைச் சரிபார்ப்பது கண் அல்ல. இப்போது கைபேசிகளில் வரும் பாஸ்கீயும் இதே முறையில் இயங்குகிறது.

அப்படியானால் மனிதர்களின் நடத்தைக்கு இடமே இல்லையா? உண்டு, வேறோர் இடத்தில். செய்தி வந்ததும் ஊழியர்கள் பலர் பாதுகாப்புக் குழுவுக்குத் தகவல் சொன்னார்கள். குழு அந்த முகவரியை நிறுவனம் முழுவதும் தடுத்தது, மூவரின் கடவுச்சொற்களையும் மாற்றியது, வேறு யாராவது அங்கே போனார்களா என்று பதிவேடுகளில் தேடியது. ஏமாந்த மூவரையும் நிறுவனம் கண்டிக்கவில்லை. கண்டிப்புக்குப் பயந்து அடுத்தவர் மறைத்துவிட்டால், திருடனுக்குப் பல மணி நேரம் கிடைத்துவிடும். போலி மின்னஞ்சல் அனுப்பிச் சோதிக்கும் பயிற்சிகளில் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று எண்ணுவதை விட, முதல் புகார் எத்தனை நிமிடத்தில் வந்தது என்று அளப்பதே பயனுள்ளது.

கடவுச்சொல் பழக்கங்களையும் இதே தராசில் நிறுக்கலாம். 90 நாளுக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றச் சொல்லும் விதி பல அலுவலகங்களில் இன்னும் உண்டு. மாற்றச் சொன்னால் மக்கள் Madurai@1 என்பதை Madurai@2 ஆக்குவார்கள். அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்தார்கள். பழைய கடவுச்சொல் தெரிந்தால், சுமார் 17 விழுக்காடு கணக்குகளில் புதியதை ஐந்து ஊகங்களுக்குள் பிடித்துவிடலாம் என்று கண்டார்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், களவு போனதற்கு அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று 2017இல் வழிகாட்டியது.

இதைவிடக் கெடுதலான பழக்கம் ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைப்பது. ஒரு சிறு கடையின் தளத்திலிருந்து களவு போன பட்டியலைத் திருடர்கள் மின்னஞ்சல், வங்கித் தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்க்கிறார்கள். நூறு தளங்களுக்கு நூறு கடவுச்சொற்களை யாராலும் நினைவில் வைக்க முடியாது என்பதால், இதற்கும் அறிவுரை போதாது. கடவுச்சொல் பெட்டகச் செயலிகள் அவற்றை நினைவில் வைப்பதோடு, முகவரி பொருந்தினால்தான் தாமாக நிரப்புகின்றன. வழக்கமாக நிரம்பும் பெட்டி ஒருநாள் காலியாக இருந்தால், கையால் தட்டுவதற்கு முன் முகவரியைப் பார்க்க அதுவே அறிகுறி.

பாதுகாப்புச் சாவிக்கும் எல்லைகள் உண்டு. கணினியில் நச்சுநிரல் புகுந்துவிட்டால், ஏற்கெனவே உள்நுழைந்த நிலையைக் காட்டும் குக்கியையே அது திருடிவிடும். சாவி கேட்கப்படவே மாட்டாது. மீட்பு வழியோ இன்னும் எளிதான ஓட்டை. சாவி தொலைந்துவிட்டது என்று ஒருவர் உதவி மையத்துக்குப் போன் செய்து, பெயரும் பிறந்த தேதியும் சொன்னதும் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்துவிட்டால், அந்தக் கணக்கின் உண்மையான பூட்டு பிறந்த தேதிதான். ஆகவே விளக்கக் கூட்டத்தில் ஊழியர்களை நோக்கிக் கேட்கும் கேள்விகளோடு, தொழில்நுட்பத் துறையிடம் கேட்க ஒன்றும் இருக்க வேண்டும்: கைபேசியையும் சாவியையும் தொலைத்த ஊழியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இரவு கூப்பிட்டால், அவர்தான் அவர் என்பதை யார், எதை வைத்து உறுதி செய்வார்கள்?